மோட்டார்க் கடையிலிருந்து வராத பதில்

எங்கள் கிணற்று மோட்டார் அந்த வருஷம் இரண்டாவது தடவை எரிந்தபோதுதான் எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றித் தரும் ரீவைண்டிங் கடையை நான் முதல்முதலாகப் பார்த்தேன். திருச்சுழி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊருக்குக் கரண்டு வந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. மாடு கட்டிக் கமலை இறைத்த கிணறுகளில் ஒவ்வொன்றாக மோட்டார் இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கிய வேகத்திலேயே எரியவும் செய்தது. மூன்று கம்பியில் வரவேண்டிய கரண்டு ஒரு கம்பியில் நின்றுபோனால் மோட்டார் சுற்றாமல் உறுமும். தோட்டத்தில் ஆள் இருந்து உடனே நிறுத்தினால் பிழைக்கும். இல்லையென்றால் கருகின வாடை வரப்பு தாண்டி வரும்.

என் வீட்டுக்காரர் மோட்டாரை வண்டியில் ஏற்றி அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனார். எனக்கு டவுனில் மூக்குக்கண்ணாடி மாற்றவேண்டிய வேலை இருந்ததால் நானும் கூடப் போனேன். கடை பாளையம்பட்டி போகிற ரோட்டில் இருந்தது. முன்னால் தகரக் கொட்டகை, பின்னால் கடைக்காரர் குடியிருந்த வீடு. கொட்டகையில் இரண்டு ஆட்கள் உளியால் பழைய காயிலை, அதாவது மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளை, வெட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். என்னை வெயிலில் நிற்கவேண்டாம் என்று கடைக்காரர் உள்ளே உட்காரச் சொன்னார்.

உள்ளே அவருடைய மனைவி ஒரு மரக்கட்டையில் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். கைப்பிடியை ஒரு கை சுழற்ற, இன்னொரு கை கம்பியைப் பிடித்து ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக விட்டது. உதடு எண்ணிக்கொண்டே இருந்தது. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். நான் கண்ணாடிக் கடைக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் காலத்துப் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். பிள்ளை இன்னும் இல்லை. மிளகாய் பறிப்பும் பருத்தி எடுப்பும் உள்ள மாதங்களில் பொழுது போவது தெரியாது. மற்ற மாதங்களில் என் கை சும்மா இருக்காது. கூடை முடைந்தேன், வயர் பை பின்னினேன், பின்னினதைப் பிரித்தேன். "இவளுக்கு உக்காந்த இடத்துல முள்ளு குத்துது" என்று என் அத்தை, அதாவது மாமியார், சொல்வார்.

வீட்டுக்காரர் வேலையை ஒப்படைத்துவிட்டுக் கூப்பிட வந்தபோது, கடைக்காரரிடம் நானாகவே கேட்டேன்.

"அண்ணே, நான் ஒரு நா வந்து இதைப் பாக்கட்டுமா? முழுசா, ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை, என் வீட்டுக்காரரைத்தான் பார்த்தார். இவர் சிரித்தபடி, "பாக்கட்டுமே, பாத்தா என்ன தேஞ்சா போகும்" என்றார்.

"வெறும் வேடிக்கைக்குன்னா வேண்டாந்தாயி," என்றார் கடைக்காரர். "காயில் சுத்த இங்க ஆளு பத்தல. மாசமா இருக்கிறவ ஒத்தையில கெடந்து சுத்துறா. நீ வந்து பாரு. எதையும் தொடக்கூடாது. பாத்துட்டு உனக்குத் தோதுப்படுமா படாதான்னு வந்து சொல்லு."

அடுத்த வாரம் காலை முதல் பஸ்ஸுக்குப் போனேன். அன்றைக்கு முழுவதும் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். கருகின காயிலை எடுப்பதற்கு முன்னால் அது மோட்டாரின் உள்வட்டத்தில் எந்தக் குழியிலிருந்து எந்தக் குழிக்குப் போகிறது, எத்தனை சுற்று, கம்பி என்ன கனம் என்று குறித்துக்கொண்டார்கள். அன்றைக்குப் பிரித்த மோட்டாரில் மூன்றில் ஒரு பங்கு காயில் மட்டும் நிறம் மாறாமல் இருந்தது. "பாத்தியா, ஒரு பேஸ், ஒரு கம்பிக் கரண்டு, போயிருக்கு. மத்த ரெண்டும் சொமக்க முடியாம செத்துப்போச்சு" என்று கடைக்காரர் காட்டினார். குழிகளைச் சுரண்டித் துடைத்துக் கெட்டிக் காகிதம் வைத்தார்கள். சுற்றின காயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழிக்குள் இறக்கி, மேலே மூங்கில் சிம்பு அடித்தார்கள். முனைகளைச் சேர்த்து, நாடா போட்டுக் கட்டி, பல்பு வைத்துச் சோதித்தார்கள். அதற்கு முதல்நாள் கட்டி முடித்த வேறொரு மோட்டாரை வார்னிஷில் நனைத்துச் சூட்டில் வைத்தார்கள். அந்த வாடையில் எனக்கு மண்டை கனத்தது. ஆனாலும் எழுந்து போகவில்லை.

மத்தியானம் ஒரு தப்புச் செய்தேன். கடைக்காரர் மனைவி சுற்றிக்கொண்டிருக்கும்போது, கம்பி அறுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டேன். வயதில் அவர் என்னைவிடச் சின்னவர். ஆனாலும் நான் மதினி என்றேன், அவர் என்னை அக்கா என்றார். என் கேள்வியில் அவருக்கு எண்ணிக்கை விட்டுப்போனது. கம்பியைப் பூராவும் திரும்ப அவிழ்த்தார். முதலிலிருந்து ஆரம்பித்தார்.

சாயங்காலம் நன்றாகப் பேசி, நன்றி சொல்லி, அடுத்து எப்போது வரட்டும் என்று கேட்கவேண்டும் என்று நினைத்திருந்தேன். அதற்குள் பஸ் வருகிற நேரமாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒருவர் மாட்டு வண்டியில் மோட்டாரோடு வந்து, பயிர் காய்கிறது என்று கூப்பாடு போட்டார். கடைக்காரர் அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் மதினியிடம் "வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன்.

அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்குத் தோதுப்படும்ங்க. சுத்துறது கஷ்டமில்ல. பொறுமை வேணும், கணக்கு வேணும். வாரத்துல மூணு நா போனாக்கூடப் போதும்."

"சரி பாப்பம்," என்றார். "அவுக சொல்லி அனுப்புவாக."

"என்னைத்தான் வந்து சொல்லச் சொன்னாக."

"வேணும்னா அவுகளே கேப்பாக பிள்ள. நாம போய் நின்னா நல்லாவா இருக்கும்?"

அதற்குப் பின் வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குள் ஏதோ பரபரக்கும். மெயின் ரோட்டில் பஸ் நிற்கிற சத்தம் கேட்டால் யாராவது இறங்கி நம் வீட்டைத் தேடி வருகிறார்களா என்று வாசலுக்கு வருவேன். எண்ணிக்கையைக் கெடுத்ததுதான் அவர்களுக்குப் பிடிக்காமல் போயிருக்கும் என்று ஒரு நாள் தோன்றும். சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவந்ததுதான் என்று மறுநாள் தோன்றும். ஒரு பலகைத் துண்டில் சணல் நூலைச் சுற்றிப் பார்த்தேன். சுற்றினதை உருவி எடுத்தால் அப்படியே குலைந்து விழுந்தது. அதை ஏன் கட்டையிலேயே நாலு இடத்தில் கட்டிவிட்டு எடுக்கிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. விளங்கியதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

ஒரு தபால் கார்டு வாங்கி எழுதினேன். முதலில் எழுதினது நீட்டி முழக்கி, மனு மாதிரி இருந்தது. அதைக் கிழித்துப்போட்டேன். இரண்டாவதில், அன்றைக்கு உட்கார்ந்து பார்க்க விட்டதற்கு நன்றி, மதினியின் வேலையைக் கெடுத்ததற்கு வருந்துகிறேன், ஒரே குழிக்குள் இரண்டு காயில் இறங்கும்போது நடுவில் காகிதம் வைத்தீர்களே அது எதற்கு, வார்னிஷ் வாடை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் சுற்றுகிற வேலை எனக்குத் தோதுப்படும், எப்போது வரலாம் என்று எழுதினேன். போட்ட பிறகு, வாடையைப் பற்றி எழுதியிருக்கக் கூடாது என்று ஒரு வாரம் கிடந்து தவித்தேன்.

பதில் வரவில்லை. தபால்காரர் எங்கள் தெருவுக்கு வராமலே போகிற நாட்களில்கூட நான் அவரைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "பதில் வரலைன்னா வேண்டாம்னுதான் அர்த்தம்," என்றார் அத்தை. அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார்.

அந்த நாட்களில் என் வீட்டுக்காரரும் சரியாக இல்லை. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, பாதியில் எழுந்து போய் மாட்டைப் பார்த்துவிட்டு வருவார். நான் மோட்டார்க் கடைப் பேச்சை எடுத்தால் அவருக்குத் தோட்டத்தில் ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும். எனக்கு இருந்த தவிப்பில் அவருடையது என்னவென்று நான் யோசிக்கவில்லை.

மாசி கடைசியில் ஒரு நாள், இனி பொறுக்க முடியாது என்று ஆகிவிட்டது. வேண்டாம் என்றால் அதையாவது அவர்கள் வாயால் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. கண்ணாடி சரிபார்க்கப் போகிறேன் என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் பாதித் தூரம் நின்றுகொண்டே போனேன்.

கொட்டகை நிறைய மோட்டார்கள் கிடந்தன. கோடை தொடங்கினால் எல்லாக் கிணற்றிலும் தண்ணீர் கீழே போகும், கரண்டின் பலமும் குறையும், மோட்டார்கள் வரிசையாக எரியும். கடைக்காரர் தரையில் குந்தி ஒரு முனையைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர், "வாம்மா" என்றுகூடச் சொல்லாமல், "இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?" என்றார்.

"கார்டு போட்டேன் அண்ணே. பதிலே காணோம்."

"பதிலுக்கு என்ன? உங்க வீட்டுக்காரவுககிட்டச் சொல்லி விட்டேனே. கார்டு வந்த வாரமே அவுகளப் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். திங்கக்கிழமையில இருந்து வரச் சொல்லுங்க, எங்க வீட்டுக்காரி கூட உக்காந்து பழகட்டும்னேன். சரின்னாக. டீ கூட வாங்கிக் குடுத்தாக."

கையில் இருந்த பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

"சொல்லலையாக்கும்," என்றார் அவர், மெதுவாக. பற்றவைக்கிற கோலைக் கீழே வைத்தார். "நாங்க ரெண்டு வாரம் பாத்தோம் தாயி. நீ வர்ற மாதிரி தெரியல. அப்புறம் எங்க வீட்டுக்காரி அவ சித்தி மகளைக் கூட்டி வந்துட்டா."

பின்னால் எட்டிப் பார்த்தேன். என்னுடைய முக்காலியில் ஒரு பெண் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தாள். மதினி வயிற்றைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "அக்கா, அந்தக் காகிதம் எதுக்குன்னு கேட்டிகள்ல? மேல வர்ற காயிலும் கீழ வர்ற காயிலும் வேற வேற பேஸா இருக்கும். தொட்டுக்கிட்டா அம்புட்டுத்தான், மோட்டாரு காலி" என்றார். கார்டு படித்திருக்கிறார்கள், கேட்டதை மறக்காமல் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அழுகை வந்துவிடும் போலிருந்ததால் தண்ணீர் கேட்டேன்.

"இனிமே எடமே இல்லையா அண்ணே?" என்றேன், குடித்துவிட்டு.

அவர் கிடந்த மோட்டார்களைக் கையால் காட்டினார். "இந்தா கெடக்கே, வேலைக்கா பஞ்சம்? ஒருத்தி பத்த மாட்டா. ஆனா ஒண்ணு. உங்க வீட்டு ஆளுக்குச் சம்மதமில்லாம நீ வந்து, நாளைக்கு அவுக அண்ணன் தம்பியோட வந்து என் கடை முன்னாடி நின்னா நான் என்ன செய்ய? எனக்கு அந்தக் கெட்ட பேரு வேண்டாம். அவுக ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லட்டும். சொன்னா மறுநாளே உக்காரு."

திரும்பி வருகிற பஸ்ஸில் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்ன என்ன கேட்கவேண்டும் என்று அடுக்கிக்கொண்டே வந்தேன். ஊர் வந்தபோது ஒன்றும் மிச்சமில்லை, கோபம் மட்டும்தான் இருந்தது. வீட்டுக்குப் போகாமல் நேராகத் தோட்டத்துக்குப் போனேன். அவர் மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மண்வெட்டியை ஊன்றி நின்றார். நான் வாய் திறப்பதற்கு முன்பே அவர் முகம் ஒப்புக்கொண்டுவிட்டது.

"கடைக்குப் போனியா?"

"போனேன். டீ வாங்கிக் குடுத்திகளாம்."

அவர் பாத்தியைப் பார்த்தார். மடை திறந்தது திறந்தபடி கிடந்து, தண்ணீர் தப்பான பாத்திக்குள் ஓடியது. இரண்டு பேருமே அதை அடைக்கவில்லை.

"ஏன் சொல்லல?"

"சொல்லணும்னுதான் வந்தேன். வழியில எங்க அண்ணனைப் பாத்தேன். அவருகிட்ட முதல்ல சொல்லிட்டேன். அதுதான் தப்பாப் போச்சு."

"என்ன சொன்னாக?"

மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைக் காலால் தள்ளினார். பிறகு, "மோட்டாருக்குக் குடுக்கத் துட்டு இல்லாம பொண்டாட்டியக் கடையில விட்டுட்டியான்னு கேட்டாரு. பத்துப் பேரு இருக்கையில கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாக" என்றார்.

"அதுக்கு?"

"அதுக்கப்புறம் எப்படிப் பிள்ள உன்கிட்ட வந்து போன்னு சொல்ல? போகாதன்னும் சொல்ல வாய் வரல. நீ வாசலுக்கும் ரோட்டுக்கும் நடக்கிறதப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம்னு நாளு போயிருச்சு."

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. இந்த ஒன்றைத்தான் விழுங்கி வைத்திருந்தார், அதுவும் அவருக்குச் செரிக்கவில்லை. அது எனக்குத் தெரிந்தாலும் என் கோபம் அடங்கவில்லை. "அவுக கேட்டதுக்குப் பதில் சொல்றது உங்க பாடு. எனக்கு வந்த பதில எனக்குக் குடுத்திருக்கணும்," என்றேன். "வேண்டாம்னு நீங்க சொல்லியிருந்தாக்கூட நான் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், விட்டிருப்பேன். இப்படி அவுகளுக்கு என்னைப் பிடிக்கலையோன்னு நெனச்சே செத்துக்கிட்டு இருந்தேனே."

அவர் மடையை அடைத்தார். மண்வெட்டியைக் கழுவினார்.

இரண்டு நாள் வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான். மூன்றாவது நாள் விடியும் முன்னால் அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். "கெளம்பு," என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. அத்தைதான் கேட்டார். "இவ மோட்டார்க் கடையில காயில் சுத்தப் போறா. நான் போய்ச் சொல்லிட்டு வாரேன்," என்றார் அவர், பக்கத்து வீட்டில் இருக்கும் தன் அண்ணனுக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாக. அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அங்கேயாச்சும் ஒரு எடத்துல உக்காருவாளா?" என்றார்.

கடையில் அவர் அதிகம் பேசவில்லை. "அன்னைக்கு நீங்க சொன்னத நான் வீட்டுல சொல்லல. தப்பு என் மேலதான். வரட்டும், எனக்குச் சம்மதம்," என்றார். கடைக்காரர் அதற்கு மேல் ஒன்றும் கிளறவில்லை. "கோடை முடியற வரைக்கும்னு வச்சுக்குவோம். அப்புறம் வேலை இருந்தா பாக்கலாம்," என்றார் என்னிடம். எனக்கு அது போதவில்லை. ஆனால் தலையாட்டினேன்.

முதல் வாரம் நான் சுற்றின காயில்கள் ஒன்றும் குழிக்குள் இறங்கவில்லை. கம்பியை வேண்டிய இறுக்கத்துக்கு இழுக்கப் பயந்தேன். அறுந்துவிடும் என்று தளர விட்டதில் காயில் பொங்கி நின்றது. ஆட்கள் அதை எடுத்துவந்து பேசாமல் என் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். சித்தி மகள் என்னைவிட வேகம். மதினிதான் என் விரலைப் பிடித்து, கம்பி எந்த இடத்தில் உரசவேண்டும் என்று காட்டினார். மேலே பூச்சு உரிந்தால் அந்த இடம் பின்னால் எரியும் என்பதால் விரலில் துணி சுற்றிக்கொள்ளச் சொன்னார். பங்குனி பாதிக்குள் என் காயிலும் இறங்கியது. அதே மாதம் மதினிக்குப் பெண் பிறந்தது. அவர் படுத்திருந்த நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கோடையை ஒப்பேற்றினோம்.

கோடை முடிந்து நல்ல மழை விழுந்தது. மோட்டார் வரத்து நின்றது. கடைக்காரர் வேண்டும்போது சொல்லி அனுப்புகிறேன் என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பழைய படபடப்பு வந்துவிட்டது. "அண்ணே, சொல்லி அனுப்பவேண்டாம். மாசத்துக்கு ஒரு தடவை நானே வந்து கேட்டுக்கிறேன்," என்றேன். அவர் சிரித்துவிட்டார். அப்படியே செய்தேன். இரண்டு மாதம் சும்மா போய்விட்டுச் சும்மா வந்தேன். மூன்றாவது மாதம் சித்தி மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள், அவள் இடம் எனக்கு வந்தது.

அதன் பிறகு ஏழெட்டு வருஷம் அங்கே சுற்றினேன், பிறகு முனை சேர்க்கவும் கற்றுக்கொண்டேன். வீட்டுக்காரரின் அண்ணன் கடைசிவரை அதைப் பற்றி என்னிடம் நேரில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அவர் கிணற்று மோட்டார் எரிந்தபோது வேறு கடைக்குக் கொண்டுபோகவில்லை. தம்பி கையில் கொடுத்துவிட்டார். "எப்பக் கெடைக்கும்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு" என்றார் என் வீட்டுக்காரர், கொட்டகையில் இறக்கி வைத்துவிட்டு. காயில் சுற்றி, வார்னிஷ் போட்டு, சூட்டில் வைத்து, சோதித்துப் பார்க்க எத்தனை நாள் ஆகும் என்று சொன்னேன். இந்தப் பதிலை வழியில் விட்டுவிடக் கூடாது என்பதுபோல, அன்றைக்கு அவர் அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை திருப்பிச் சொல்லிக்கொண்டே பஸ் ஏறினார்.